தொலைவு அணியில் இணைகளைக் குறைக்க வழி வேண்டும்

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் 120 மாந்தோப்புகளுக்கும் 15 மாங்கூழ் ஆலைகளுக்கும் இடையிலான சாலைத் தொலைவு அணியைத் தயாரித்து வருகிறேன். தோப்பிலிருந்து ஆலைக்கு மட்டும் என்றால் 120 × 15 = 1,800 இணைகள்தாம். ஆனால், ஒரே லாரி பல தோப்புகளில் சரக்கேற்றிச் செல்வதையும் கணக்கில் கொண்டால், 135 இடங்களும் ஒன்றோடொன்று இணைந்து 135 × 134 = 18,090 இணைகளாகிவிடுகின்றன; இடங்கள் இரட்டித்தால் இது ஏறத்தாழ நான்கு மடங்காகும். நடுத்தடுப்புள்ள நெடுஞ்சாலையில் போகும் தொலைவும் திரும்பும் தொலைவும் வேறுபடுவதால், இணைகளைப் பாதியாக்குவதும் சரியாகப் படவில்லை.

ஒவ்வொரு தோப்புக்கும் நேர்கோட்டில் மிக அருகிலுள்ள 10 தோப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், தென்பெண்ணையின் எதிர்க்கரையில், பாலம் சுற்றிப் போகவேண்டிய தோப்புகள் அந்தப் பத்தில் இடம்பிடித்து, சாலைவழியில் உண்மையாகவே அருகிலுள்ளவற்றை வெளியே தள்ளிவிடுகின்றன. எண்ணிக்கையை உயர்த்துவதா, அல்லது இரு கரைகளையும் தனித்தனியே பிரித்துத் தேர்வதா? இத்தகைய அணியை அமைத்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.