ஸ்பிரிங் ரோல் எண்ணெயில் வாய் பிளப்பது ஒட்டும் முறையாலா, சூட்டாலா?

திருநகர் பாட்டி:
பேரன் பிறந்தநாளுக்கு நேற்று முப்பது ஸ்பிரிங் ரோலும் இருபது வான்டனும் பொரித்தேன். இரண்டையும் தண்ணீர் தொட்டே ஒட்டினேன், சமோசாவைப் போல இளந்தீயில்தான் போட்டேன். வான்டன் ஒன்றுகூடப் பிரியவில்லை. ரோலில் பன்னிரண்டு வாய் திறந்து, வெளியே வந்த கோஸ் எண்ணெயில் கருகிவிட்டது. தவறு எங்கே நடந்தது?

செல்லூர் பலகாரக் கடைக்காரர்:
அம்மா, தவறு உங்கள் அடுப்பில்தான் இருக்கிறது. இருபது வருடமாக பஜ்ஜியும் வடையும் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எண்ணெய் காயாமல் போட்டால் எதுவும் பிரியும். சட்டியில் மெல்லிய புகை எழும்வரை காய வைத்து, அதன் பிறகு போடுங்கள். வாய் தானாக இறுகிவிடும். தண்ணீரா பசையா என்று யோசிக்க வேண்டியதில்லை. நன்றாகச் சிவந்த பிறகு எடுத்தால் உள்ளேயும் வெந்திருக்கும்.

ஓட்டல் சைனீஸ் பிரிவு, பதினொரு வருடம்:
இளந்தீ தவறு என்பதில் அண்ணனோடு உடன்படுகிறேன், மற்றவற்றை ஏற்க முடியவில்லை. அம்மா சொன்ன ஒரு செய்தியை அவர் கவனிக்கவில்லை: அதே தண்ணீர், அதே எண்ணெய், ஆனால் வான்டன் பிரியவில்லை. சூடு மட்டுமே காரணமாக இருந்தால் இரண்டும் பிரிந்திருக்க வேண்டும்.

வேறுபாடு தாளில் இருக்கிறது. வான்டன் தாள் சப்பாத்தி மாவைப் போலப் பச்சை மாவு. விரலால் தண்ணீர் தடவினால் அதன் மேற்பரப்பு பிசுபிசுத்து, இரண்டு ஓரங்களும் ஒரே மாவாகச் சேர்ந்துகொள்கின்றன. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவியிருக்கும் சோளமாவை மட்டும் ஓரத்திலிருந்து தட்டிவிட்டால் போதும். ஸ்பிரிங் ரோல் தாளோ கல்லில் ஒருமுறை வார்த்து எடுக்கப்பட்டது. வெந்த தோசையின் இரண்டு ஓரங்களைத் தண்ணீர் தொட்டு ஒட்டிப் பாருங்கள், ஈரம் காய்ந்ததும் விலகிவிடும். அதற்குப் பசைதான் வேண்டும். நம் ஊரில் சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறையில் இரண்டு மேசைக்கரண்டி மைதாவை கால் தம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இளந்தீயில் கிண்டி, கரண்டியிலிருந்து தடித்து விழும் பதத்தில் இறக்கி ஆற விடுங்கள். கடைசி மடிப்பின் முனையில் இரண்டு விரல் அகலத்துக்கு அதைத் தடவி உருட்டி, ஒட்டிய பக்கம் கீழே இருக்குமாறு தட்டில் ஐந்து நிமிடம் வையுங்கள்.

கோஸை எப்படி வதக்கினீர்கள், ஒரு ஈட்டுக்கு எத்தனை போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

திருநகர் பாட்டி:
கோஸ், கேரட், குடைமிளகாய் மூன்றையும் உப்புப் போட்டு வதக்கி, நேரமாகிவிட்டதால் சூடு ஆறுவதற்குள் உருட்டினேன். அரை லிட்டர் எண்ணெயில் ஒரு ஈட்டுக்கு எட்டு போட்டேன்.

ஓட்டல் சைனீஸ் பிரிவு, பதினொரு வருடம்:
அப்படியென்றால் அங்கேதான் பாதிக் காரணம் இருக்கிறது, அம்மா. உப்புப் பட்ட கோஸ் நீர் விடும். சூடாக உருட்டினால் அந்த ஆவி உள்ளிருந்தே தாளை நனைத்து, மடிப்பை இளக்கிவிடும். எண்ணெயில் விழுந்ததும் அந்த நீர் கொதித்து வெளியே வர வழி தேடும்போது, பலவீனமான இடம் மடிப்பாகத்தான் இருக்கும். பூரணத்தைத் தட்டில் பரப்பி முழுக்க ஆற வைத்து, தட்டைச் சாய்த்து, வடியும் நீரைக் கொட்டிவிட்ட பிறகே உருட்ட வேண்டும். எட்டு ரோலை ஒன்றாகப் போட்டதில், ஏற்கெனவே இளஞ்சூட்டிலிருந்த எண்ணெய் இன்னும் இறங்கியிருக்கும். மூன்று போதும்.

கே.கே.நகர் தாய்:
என் மகள் வாங்கிவந்த ஸ்பிரிங் ரோல் தாள் கண்ணாடி போல வட்டமாக இருந்தது. தண்ணீரில் நனைத்தால்தான் மடிக்கவே வந்தது, பசை இல்லாமலே ஒட்டிக்கொண்டது. பொரித்தபோது பிரியவில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்தது. ஆகவே பசை தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

ஓட்டல் சைனீஸ் பிரிவு, பதினொரு வருடம்:
அக்கா, நீங்கள் சொல்வது அரிசித் தாள். பாட்டி கேட்டது மைதாத் தாளைப் பற்றி. அரிசித் தாள் நனைந்ததும் தானே பசையாகிவிடும், அதனால்தான் சட்டியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டது. இடைவெளி விட்டு இரண்டிரண்டாகப் போடுங்கள்.

செல்லூர் பலகாரக் கடைக்காரர்:
நீரைப் பற்றித் தம்பி சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புகை வரும்வரை காய வைப்பதில் என்ன தவறு? எங்கள் கடையில் அப்படித்தான் போடுகிறோம், யாரும் குறை சொன்னதில்லை.

ஓட்டல் சைனீஸ் பிரிவு, பதினொரு வருடம்:
பஜ்ஜிக்குத் தடித்த மாவு மேலே இருக்கிறது, அது தாங்கும். இந்தத் தாள் காகித கனம்தான். ரீஃபைண்டு கடலை எண்ணெய் புகைவதற்கு 200 டிகிரிக்கு மேலே போக வேண்டும். அந்தச் சூட்டில் ரோலின் மேல்தோல் ஒரு நிமிடத்துக்குள் சிவந்துவிடும், உள்மடிப்புகளோ மாவாகவே இருக்கும். செக்கு எண்ணெய் என்றால் அதற்கு வெகு முன்பே புகையும், ஆகவே புகையை அளவுகோலாகக் கொள்ளவே முடியாது. 175 டிகிரி அளவு போதும். வெப்பமானி இல்லையென்றால் தாளின் ஓரத்தில் ஒரு நகம் அளவு கிள்ளிப் போடுங்கள். அடியில் தங்கி மெதுவாக எழுந்தால் இன்னும் காயவில்லை; இரண்டு மூன்று விநாடியில் மேலே வந்து, சுற்றிலும் சிறு குமிழ்கள் ஓட, நிறம் மாறாமல் மிதந்தால் அதுதான் பதம்; விழுந்தவுடனே சிவந்தால் தீயைக் குறைத்துச் சற்றுக் காத்திருங்கள். ஒட்டிய பக்கம் கீழே இருக்குமாறு ரோலை எண்ணெயில் இறக்கினால் மடிப்பு முதலில் இறுகும்.

நிறத்திலும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. சட்டியிலேயே நன்றாகச் சிவக்கவிட்டால், எடுத்து வைத்த பிறகும் மேற்பரப்பின் சூடு நிறத்தை ஒரு படி கூட்டி, தட்டில் கருமையாகிவிடும். வான்டனை வைக்கோல் நிறம் கடந்து பொன்னிறம் தொடங்கும்போதே அரிகரண்டியால் எடுத்துவிடுகிறேன். முட்டை சேர்த்த தாளானால் இன்னும் சீக்கிரம். அதன் கூர்முனைகள் முதலில் சிவக்கும், அவற்றைப் பார்த்து ஏமாறாமல் தட்டையான வயிற்றைப் பார்க்க வேண்டும். ரோலை நெய்யில் வறுத்த முந்திரியின் நிறத்துக்கு வரவிடலாம், நான்கைந்து நிமிடம் ஆகும். அதற்குள் குமிழ்கள் சிறுத்து, சலசலப்பும் அடங்கியிருக்கும்.

அரசரடி கல்லூரி மாணவர்:
பச்சைக் கோழிக்கொத்து வைத்த வான்டனுக்கும் இதே நிறம் போதுமா? நான் பொன்னிறத்தில் எடுத்தேன், நடுவில் இளஞ்சிவப்பாக இருந்தது.

ஓட்டல் சைனீஸ் பிரிவு, பதினொரு வருடம்:
தம்பி, நிறம் தாளைப் பற்றித்தான் சொல்லும், கறியைப் பற்றிச் சொல்லாது. பூரணத்தை ஒரு தேக்கரண்டி அளவுக்குமேல் வைக்காமல் தட்டையாக்கி, தீயைச் சற்றுக் குறைத்துப் பொரித்து, முதல் ஈட்டில் ஒன்றை வெட்டிப் பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள். சந்தேகமிருந்தால் கறியை முன்பே வதக்கிவிடுங்கள்.

செல்லூர் பலகாரக் கடைக்காரர்:
வெளிறிய வான்டனை எங்கள் பகுதியில் வேகாததென்று திருப்பித் தருவார்கள். நான் சிவக்க எடுப்பேன், இதில் மாறமாட்டேன்.

திருநகர் பாட்டி:
இன்று மீதமிருந்த ஆறு தாளில் செய்து பார்த்தேன். ஆறின பூரணம், கிள்ளிப் போட்டுப் பார்த்த சூடு, ஒரு ஈட்டுக்கு மூன்று. மூன்றைப் பசையால் ஒட்டினேன், மூன்றைத் தண்ணீரால் ஒட்டினேன். பசை வைத்தவை அசையவில்லை. தண்ணீர் வைத்தவற்றில் ஒன்று திறந்தது, இரண்டு தாங்கிக்கொண்டன. அந்த இரண்டையும் சூடு காப்பாற்றியதா, ஒட்டிய பக்கத்தைக் கீழே போட்டது காப்பாற்றியதா என்று எனக்குப் புரியவில்லை.

செல்லூர் பலகாரக் கடைக்காரர்:
சூடுதான், அம்மா.

ஓட்டல் சைனீஸ் பிரிவு, பதினொரு வருடம்:
அடுத்த முறை மூன்றை ஒட்டிய பக்கம் மேலே இருக்குமாறு போட்டுப் பார்த்து எழுதுங்கள். அதுவரை அண்ணனுக்குப் பதில் சொல்லமாட்டேன்.