மொழிபெயர்ப்பு மாதிரி அனுப்பியும் ஒரு பதிலும் இல்லை, என்ன தப்பு?

உசிலம்பட்டி டீச்சர்: அவசரம். மொழிபெயர்ப்பு வேலை கேட்டு ஏழு இடத்துக்குக் கடிதம் போட்டேன். மாதிரியும் வைத்தேன். யாரும் பதில் போடவில்லை. இன்றைக்கு இன்னோர் இடத்துக்கு அனுப்பணும். எதை மாற்றட்டும்?

மாட்டுத்தாவணி: எந்த மொழியிலிருந்து எதற்கு? என்ன துறை? மாதிரி எத்தனை பக்கம்?

பழைய டிடிபி: ஃபாண்ட் பிரச்சினைதான். பாமினியில் அடித்திருப்பீர்கள், அங்கே கன்னாபின்னாவென்று தெரிந்திருக்கும். யூனிகோடில் அடித்து பிடிஎஃப் ஆக்குங்கள்.

உசிலம்பட்டி டீச்சர்: யூனிகோடுதான் அண்ணா. ஆங்கிலத்திலிருந்து தமிழ், மருத்துவம். மொத்தம் 14 பக்கம். ஒரு சிறுகதை, அப்புறம் ஒரு ஆஸ்பத்திரிக்கு நான் செய்து கொடுத்த ஒப்புதல் படிவம். மருந்து ஆராய்ச்சியில் சேருகிறவர்கள் கையெழுத்துப் போடுவது.

இலக்கணச் செல்வர்: "ஓர் ஆஸ்பத்திரி" என்று வர வேண்டும். இதுவே தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

சோமு: டீச்சர், அந்தப் படிவத்தை முதலில் எடுங்கள். ஒருவர் நம்பிக் கொடுத்த காகிதத்தை ஊருக்கே அனுப்பினால், "நாளைக்கு நம்முடையதையும் இப்படித்தான் காட்டுவார்" என்று நினைப்பார்கள். சிறுகதை மருத்துவ வேலைக்கு உதவாது. யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஆங்கிலத் துண்டறிக்கை ஒன்றில் 250 சொல் எடுங்கள். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் உங்கள் தமிழ். மூலம் இல்லாமல் அவர்கள் எதை வைத்துச் சரிபார்ப்பார்கள்? அப்புறம், அந்தப் படிவத்தில் 'ரேண்டம்' என்று வந்த வரியை எப்படி எழுதியிருந்தீர்கள்?

உசிலம்பட்டி டீச்சர்: "பங்கேற்பாளர்கள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களுக்கு ஒதுக்கப்படுவர்."

சோமு: பாடப்புத்தகத்துக்குச் சரி. உங்கள் ஊர்ப் பாட்டியிடம் வாசித்துக் காட்டினால் தலையாட்டுவார், புரிந்திருக்காது. "எந்தக் குழு என்று நீங்களும் தேர்ந்தெடுக்க முடியாது, டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது மாதிரிதான்" என்று எழுதலாம். இப்படிப்பட்ட படிவங்களை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்ப்பார்கள். அதிலும் பொருள் நிற்க வேண்டும். ஏன் இப்படி எழுதினேன் என்று கடிதத்தில் இரண்டு வரி சொல்லுங்கள். "20 வருட அனுபவம்" என்பதைவிட அதைத்தான் படிப்பார்கள்.

இலக்கணச் செல்வர்: பூவா தலையாவா? சூதாட்டமா நடக்கிறது? இலங்கையில் 'எழுமாற்று' என்று அழகான சொல் இருக்கிறது.

பழைய டிடிபி: ஐயா, அந்தச் சொல்லை மதுரையில் பத்துப் பேரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

இலக்கணச் செல்வர்: பழகினால் புரியும். 'பேருந்து' புரியவில்லையா?

மாட்டுத்தாவணி: எங்கள் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'பாசிட்டிவ்' என்பதை 'நேர்மறை' என்று எழுதிக் கொடுத்தார்கள். நல்ல சேதி என்று நினைத்து, பூ வாங்கிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

உசிலம்பட்டி டீச்சர்: அனுப்பிவிட்டேன், ஒரே பக்கம். 'நேர்மறை' என் மாதிரியிலும் இருந்தது, மாற்றிவிட்டேன். பெல் அடித்துவிட்டது, வருகிறேன்.

பழைய டிடிபி: என்னவென்று மாற்றினீர்கள்?

பழைய டிடிபி: டீச்சர்?