ஏழு வயது நாய்க்குப் புதுப் பெயர்: நடுவில் ஒரு சிக்கல், உதவுங்கள்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். மீட்கப்பட்ட ஏழு வயது நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுத்து மூன்று வாரம் ஆகிறது. பழைய பெயர் டைகர். அதைச் சொன்னாலே வாலைக் கால்களுக்கிடையில் செருகி, உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அடித்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அடித்திருப்பார்கள் போல. பழைய பெயரில் பயம் இல்லாத நாய் என்றால் புதுப் பெயரை முதலில் சொல்லி, உடனே பழையதைச் சேர்த்துச் சொல்லிப் பழக்கலாம். இவனுக்கு அது ஒத்துவராது என்று அதை அடியோடு விட்டுவிட்டோம்.

"முத்து" என்று ஒருமுறை மட்டும் சொல்லி, அடுத்த நொடியே கொண்டைக்கடலை அளவு வேகவைத்த கோழித்துண்டு கொடுப்போம். அமைதியான அறையில் ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. குளிப்பாட்டவோ திட்டவோ பெயரைச் சொல்வதில்லை. ஐந்தாம் நாளே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று தலையைத் திருப்பினான். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டபோதும் திரும்பினான், அதனால் காது கேட்கிறது.

சிக்கல் பக்கத்து வீட்டில். அந்த மலையாளப் பாட்டி பேரனை நாள் முழுக்க "முத்தே, முத்தே" என்று கொஞ்சுகிறார். இவன் ஒவ்வொரு முறையும் வேலிக்கு ஓடுகிறான், தீனி கிடைக்காமல் திரும்புகிறான். இப்போது நாங்கள் கூப்பிட்டாலும் பாதி நேரம் அசைவதில்லை. பாட்டியிடம் போய்ச் சொல்லவா முடியும்?

பெயரை இப்போதே "பக்கோடா" மாதிரி வேறு ஓசைக்கு மாற்றலாமா? இரண்டாம் மாற்றம் அவனைக் குழப்புமா? புதுப் பெயரை முன்னால் வைத்துப் படிப்படியாக மாற்றியவர்கள் இருந்தால் எத்தனை நாள் எடுத்தது என்று சொல்லுங்கள்.