ரஷ்ய வாக்கியத்தில் நம் பெயர்கள்: எது மாறும், எதை அப்படியே விடுவது? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

வோல்காக்கரை

ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளின் காகிதங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். அதில் அடிக்கடி வரும் குழப்பம் ஒன்றைப் பற்றி இங்கே பேசலாம். ரஷ்ய மொழியில் ஒருவர் பெயர் வாக்கியத்துக்குள் வந்ததும் வேற்றுமைக்கு ஏற்ப அதன் முடிவு மாறுகிறது. வெளிநாட்டுப் பெயர் என்பதற்காக விலக்கு எதுவும் இல்லை.

அண்மையில் ஓர் அண்ணனும் தங்கையும் தங்கள் படிப்புச் சான்றை அனுப்பியிருந்தார்கள். அங்கே அதை ஸ்ப்ராவ்கா என்பார்கள். அப்பா பெயர் முருகன், அதுவே இருவருக்கும் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கிறது. "இன்னாருக்கு வழங்கப்பட்டது" என்ற வாக்கியம் என்பதால் பெயர் நான்காம் வேற்றுமையில் வர வேண்டும். இப்படி வந்திருந்தது (பெயர்களை மாற்றியிருக்கிறேன்):

```
Справка дана Муругану Аруну в том, что он...
Справка дана Муруган Прие в том, что она...
```

அண்ணன் சான்றில் "முருகனு அருணு". தங்கை சான்றில் "முருகன் ப்ரியே". ஒரே அப்பா பெயர் இரண்டு விதமாக இருக்கிறதே, திருத்தி வாங்க வேண்டுமா என்று வீட்டில் பதறிவிட்டார்கள். இரண்டுமே சரிதான். மெய்யெழுத்தில் முடியும் குடும்பப் பெயர் ஆணுக்கு மாறும், பெண்ணுக்கு மாறாது. "ப்ரியா" ஆகாரத்தில் முடிவதால் மாறியது. அந்த அலுவலகம் அண்ணன் சான்றிலும் "முருகன்" என்று மாற்றாமல் விட்டிருந்தால், படிக்கும் ரஷ்யர் அதை ஒரு பெண்ணின் பெயராகவே எடுத்துக்கொண்டிருப்பார். மாற்றாமல் விடுவதற்கும் அந்த மொழியில் ஓர் அர்த்தம் இருக்கிறது. இதை நம்மவர்கள் கவனிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

கசான் மாணவன்

அண்ணே, எங்கள் சீனியர் சொன்னது வேறு மாதிரி. இந்தியப் பெயர் எதையும் தொட வேண்டாம், அப்படியே விடு என்றார். காந்தி, நேரு இரண்டும் ரஷ்யப் புத்தகங்களில் எங்கேயும் மாறுவதில்லை, நானே பார்த்திருக்கிறேன். அதனால் நான் என் பெயரை எந்த விண்ணப்பத்திலும் மாற்றி எழுதுவதில்லை.

நெவா

தம்பி, நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் அவை இந்தியப் பெயர்கள் என்பதால் மாறாமல் இருக்கவில்லை. இகரத்திலும் உகரத்திலும் முடிவதால்தான் மாறவில்லை. மாஸ்கோவில் இரண்டு சதுக்கங்களின் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள்: "இந்திரி காந்தி", "ஜவஹர்லாலா நேரு". காந்தியும் நேருவும் அசையவில்லை. இந்திராவும் ஜவஹர்லாலும் ஆறாம் வேற்றுமைக்கு மாறிவிட்டார்கள். ஒரே பலகையில் ஒரு சொல் மாறுகிறது, பக்கத்துச் சொல் மாறவில்லை.

அதனால் நாடு எது என்று பார்க்காதீர்கள். ரஷ்ய எழுத்தில் எழுதினால் கடைசியில் என்ன வருகிறது, பெயருக்கு உரியவர் ஆணா பெண்ணா என்று பாருங்கள். மலர் என்ற பெண் மலராகவே இருப்பாள். கதிர் என்ற பையன் "கதிரா", "கதிரு" என்று மாறுவான். லக்ஷ்மி யாராக இருந்தாலும் மாறாது.

பாஸ்போர்ட் ஒற்றைப் பெயர்

எனக்கும் பெயர்ப் பிரச்சினைதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடமே காலி. விசாவில் ஒரே பெயரை எழுதிவிட்டார்கள், விமான டிக்கெட்டில் வேறு மாதிரி வந்தது. ரஷ்ய எழுத்தில் ழகரத்துக்கு என்ன போடுவது என்றும் யாரும் சொல்வதில்லை. இதற்கு என்ன வழி?

வோல்காக்கரை

அது எழுத்துப்பெயர்ப்புச் சிக்கல், இங்கே பேசுவது வேற்றுமை. ஆனால் ஒன்று இங்கேயும் பொருந்தும். ரஷ்ய எழுத்தில் உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்பதை முதல் காகிதத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த எழுத்துக்கூட்டலின் கடைசி ஒலிதான் பிறகு எல்லா வேற்றுமையையும் முடிவு செய்யும்.

பழைய பட்டயம்

நான் எதிர்த்திசையில் வேலை செய்கிறேன். ரஷ்யக் காகிதத்தைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கொண்டுவருவேன். அங்கேதான் பெரிய ஆபத்து. தமிழில் முருகனுக்கு, ராஜாவுக்கு, ராஜுவுக்கு என்று எழுதினால் பெயர் முழுசாக நிற்கும், உருபு பின்னால் ஒட்டும். ரஷ்ய மொழியில் பெயரின் கடைசி உயிரே போய்விட்டு, அந்த இடத்தில் வேற்றுமை ஈறு வந்து உட்காரும். திரும்பி வரும்போது மூலப் பெயர் என்னவென்று தெரியாது.

என்னிடம் வந்த ஒரு காகிதத்தில் "ராஜு" (Раджу) என்பவருக்கு வழங்கப்பட்டது என்று இருந்தது. குடும்பத்தார் ஏற்கெனவே வேறு ஒருவரிடம் மொழிபெயர்த்திருந்தார்கள், அவர் ராஜு என்றே எழுதிவிட்டார். இந்த உருவம் மூன்று பேருக்குப் பொருந்தும். ராஜ் என்பவருக்கு நான்காம் வேற்றுமை ராஜு. ராஜா என்பவருக்கு இரண்டாம் வேற்றுமை ராஜு. ராஜு என்பவரின் பெயர் எந்த வேற்றுமையிலும் ராஜுதான். இங்கே "வழங்கப்பட்டது" என்று இருந்ததால் நான்காம் வேற்றுமை. எனவே ராஜா விலகிவிடுகிறார், அவராக இருந்தால் "ராஜே" என்று வந்திருக்கும். மீதி ராஜும் ராஜுவும்.

அந்த ஒரு தாளை மட்டும் வைத்து இதற்கு மேல் முடிவு செய்ய முடியாது. அவருடைய பழைய வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கினேன். ரஷ்ய ஒப்பந்தத்தில் "இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையே" என்று வரும் இடத்தில் நம் மூன்றாம் வேற்றுமைக்கு நிகரான வடிவம் வர வேண்டும். அதில் மூன்று பெயர்களும் தனித்தனியாகப் பிரிந்துவிடும்:

```
Радж   → Раджем
Раджа  → Раджей
Раджу  → Раджу
```

ஒப்பந்தத்தில் "ராஜெம்" என்று இருந்தது. ஆக அவர் ராஜ். பாஸ்போர்ட்டும் அதையே சொன்னது. நம் பேச்சில் ராஜ் என்பதை ராஜு, குமார் என்பதை குமாரு என்று இழுத்துச் சொல்வதால், நான்காம் வேற்றுமை ஈறு நம் காதுக்கு ஒட்டுப்போட்டது போலவே தெரிவதில்லை. அதனால்தான் இந்தத் தவறு தமிழர்களிடம் எளிதாக நழுவிப் போகிறது என்று நினைக்கிறேன்.

கசான் மாணவன்

அப்படியென்றால் நாமே எழுதும்போது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க வழி உண்டா?

பழைய பட்டயம்

உண்டு. "ராஜ் என்ற பெயருள்ள மாணவருக்கு" என்பதுபோல் எழுதுங்கள். ரஷ்ய மொழியில் "ப இமெனி" என்று போட்டுவிட்டால் அதன் பின் வரும் பெயர் முதல் வேற்றுமையிலேயே நிற்கும். குடும்பப் பெயருக்கு "ப ஃபமீலியி". "மாணவர்" என்ற சொல் வேற்றுமையைச் சுமந்துகொள்ளும். கடிதத்துக்கு இது பொருந்தும். சான்றிதழில் அலுவலகம் தன் வாசகத்தை மாற்றாது, அங்கே இது நடக்காது.

உதிரிபாகக் கடை

இதே உத்தியைத்தான் நாங்கள் நிறுவனப் பெயர்களுக்குப் பயன்படுத்துகிறோம். வண்டி உதிரிபாகப் பட்டியல்களை ரஷ்ய மொழியில் தயாரிக்கும் வேலை எனக்கு. பேச்சில் ரஷ்யர்கள் எல்லா வண்டியையும் மாற்றுவார்கள்: டொயோட்டாவில் என்பது "ந டொயோட்யே", மெர்சிடிஸில் என்பது "ந மெர்சிடீஸ்யே". ஆனால் ஆடி, ரெனோ, வோல்வோ மூன்றும் அசையாது. மேலே நெவா சொன்ன அதே கடைசி ஒலிக் கணக்குதான்.

முன்னால் வண்டி, நிறுவனம் என்று ஒரு பொதுச் சொல் வந்துவிட்டால் மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயர் மாறாது. "சாம்சுங்" நிறுவனத்தில் என்று எழுதினால் நிறுவனம் என்ற சொல்தான் மாறும். பொதுச் சொல் இல்லாமல் எழுதினால் "வ சாம்சுங்யே" என்று பெயரே மாறும். ரோமன் எழுத்தில் Samsung என்று எழுதியிருந்தால் எழுத்தில் மாற்ற மாட்டோம். சத்தமாகப் படிக்கும் ரஷ்யர் மட்டும் வாயில் ஈற்றைச் சேர்த்துக்கொள்வார். ரோமன் எழுத்துக்குப் பின் மேற்கோள் போல ஒரு குறி போட்டு ஈற்றை ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். அச்சுக்குப் போகும் பட்டியலில் நான் அதை விட மாட்டேன்.

எனக்குப் பிடித்த நுட்பம் ஃபோர்டு. "ஃபோர்டைப் பார்த்தேன்" என்பதை ரஷ்ய மொழியில் "ஃபோர்டா" என்று சொன்னால் ஹென்றி ஃபோர்டு என்ற மனிதரைப் பார்த்தேன் என்று பொருள். "ஃபோர்ட்" என்று மாற்றாமல் சொன்னால் வண்டியைப் பார்த்தேன் என்று பொருள். உயிருள்ள ஆண்பால் சொல்லுக்கு இரண்டாம் வேற்றுமையில் ஈறு மாறும், உயிரற்றதற்கு மாறாது. நிறுவனரின் பெயரே வண்டியின் பெயராகவும் இருப்பதால், அந்த ஓர் ஈறுதான் இரண்டையும் பிரிக்கிறது. பட்டியலின் முன்னுரையில் இதைச் சரியாகப் போடச் சொல்லி நான் மன்றாடியிருக்கிறேன்.

பிரவீன் மனைவி

எங்கள் கதையும் கேளுங்கள். என் கணவர் பெயர் பிரவீன். ரஷ்ய எழுத்தில் "இன்" என்று முடிகிறது. ஓர் அலுவலகத்தில் அதைப் பார்த்ததும் புஷ்கின் போல ரஷ்யக் குடும்பப் பெயர் என்று நினைத்து, அவர் காகிதத்தில் "பிரவீனிம்" என்றும், என் காகிதத்தில் என்னை "பிரவீனா" என்றும் எழுதிவிட்டார்கள். என் பாஸ்போர்ட்டில் அப்படி ஒரு பெயரே இல்லை. திருத்தி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நெவா

அக்கா, அடுத்த முறை டார்வினையும் சாப்ளினையும் எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள். புஷ்கினுக்கு மூன்றாம் வேற்றுமை "புஷ்கினிம்". டார்வினுக்கு "டார்வினம்", சாப்ளினுக்கு "சாப்ளினம்". வெளிநாட்டுப் பெயர் "இன்", "ஓவ்" என்று முடிந்தாலும் ரஷ்யக் குடும்பப் பெயரின் ஈற்றை ஏற்காது. அதன்படி உங்கள் கணவர் "பிரவீனம்". நீங்கள் எந்த வேற்றுமையிலும் பிரவீன்தான், ஆகாரம் சேராது. படித்த ரஷ்யர் யாருக்கும் இந்த இரண்டு பெயர்களும் தெரிந்திருக்கும், வாதம் செய்யத் தேவை இருக்காது.

கசான் மாணவன்

சரி, இனி என் பெயரை மாற்றியே எழுதுகிறேன். என் வகுப்பில் கயல் என்று ஒரு தோழி. அவள் பெயரின் கடைசியில் சில காகிதங்களில் மென்மைக் குறி (ь) இருக்கிறது, சிலவற்றில் இல்லை. ஓர் ஆசிரியை மென்மைக் குறி இருந்தால் மாற்றலாம் என்கிறார். இன்னொருவர் வெளிநாட்டுப் பெண் பெயரை அப்படியே விடச் சொல்கிறார்.

நெவா

மென்மைக் குறி இல்லையென்றால் மாறாது, அதில் சந்தேகம் இல்லை. குறி இருந்தால் இரண்டு பழக்கமும் இருக்கிறது. எஸ்ஃபிர் என்ற பைபிள் பெயர் மாறுகிறது, நிக்கோல் என்பதைப் பலர் மாற்றாமல் எழுதுகிறார்கள். கயல் எந்தப் பக்கம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

வோல்காக்கரை

நானாக இருந்தால் குறி இல்லாத வடிவத்தைப் பதிவு செய்யச் சொல்வேன். ஏற்கெனவே குறியோடு பதிவாகியிருந்தால் சேர்க்கைக் கடிதத்தில் எப்படி வந்ததோ அதையே எல்லா இடத்திலும் தொடரச் சொல்லுங்கள்.

பழைய பட்டயம்

அதில் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ் லகரத்துக்கு ரஷ்யக் காதில் குறியோடு எழுதுவதுதான் நெருக்கம். ஒலியை விட்டுக்கொடுத்து இலக்கணத்தை எளிதாக்க வேண்டுமா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். கயல் இங்கே வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.