கூந்தன்குளம் இறகுப் படம்: மூன்றாவது சிறகா, உடம்பா?

வணக்கம். நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்தில், மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டும் மரத்தடியில் கிடந்த நான்கு இறகுகளை, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தேன். இறகுகளை அங்கேயே விட்டுவிட்டேன்.

முதலாவது கறுப்பு, நீளம், விறைப்பு. நடுத்தண்டு ஓரமாக ஓடுகிறது. ஒரு பக்கம் ஒடுக்கம், மறுபக்கம் அகலம். காற்றைக் கிழிக்கும் முன்விளிம்புதான் அந்த ஒடுங்கிய பக்கம். அதனால் இது சிறகின் வெளிநுனிப் பறப்பு இறகு என்றே நினைக்கிறேன். வால் இறகாக இருந்தால், அதிலும் நடுவில் உள்ளதாக இருந்தால், இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்திருக்கும்.

இரண்டாவது சின்ன வெள்ளை. நுனி ஒழுங்காகப் படிந்திருக்கிறது, அடிப்பாதி பஞ்சாகப் பிரிந்திருக்கிறது. உடலைப் போர்த்தும் இறகு. ஆனால் மார்பா, வயிறா என்று இதை வைத்துச் சொல்ல முடியவில்லை. நான்காவதில் தண்டே தெரியவில்லை, முழுக்கப் பஞ்சு. உள்ளே சூடு காக்கும் தூவி அது. குஞ்சுடையதாகவும் இருக்கலாம்.

குழப்பம் மூன்றாவதில்தான். ரோஸ் நிறம், இரு பக்கமும் கிட்டத்தட்ட சமம், அடியில் கொஞ்சமே பஞ்சு. இந்த நாரைக்கு முதுகை ஒட்டிய உட்சிறகு இறகுகள் ரோஸ் நிறம். சமமாக இருப்பதால் மட்டும் உடல் இறகு என்று சொல்லிவிட முடியாது; உட்சிறகு இறகும் அப்படித்தான் இருக்கும். அடிப்பஞ்சு எவ்வளவு இருந்தால் உடல் இறகு என்று கொள்வீர்கள்? அடித்தண்டின் தடிமனை வைத்துப் பிரிக்க முடியுமா? இறகு பார்த்துப் பழகியவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லுங்கள். அடிப்பக்கம் எடுத்த படமும் இருக்கிறது, கேட்டால் போடுகிறேன்.