கணுக்கால் பிரண்டு ஒரு நாளாகிறது: ஐஸ் வைப்பதா, நடக்க விடுவதா?

உப்புவெளி அம்மா (ஞாயிறு, காலை)

எனது மகனுக்கு 14 வயது. நேற்றுப் பின்னேரம் உதைபந்தாட்டப் பயிற்சியில் உயரமாக வந்த பந்தைத் தலையால் முட்டிவிட்டு இறங்கும்போது இன்னொரு பிள்ளையின் பாதத்தின் மேல் மிதித்ததனால், இடது பாதம் உட்பக்கமாகப் பிரண்டுவிட்டது. வெளிக்கணுக்குச் சற்று முன்னே, கீழ்ப்பக்கமாக, கோழிமுட்டை அளவில் வீங்கியிருக்கிறது. பயிற்றுநர் உடனே ஒரு வாளியில் ஐஸ் தண்ணீர் நிரப்பி அரை மணித்தியாலம் காலை அதற்குள் வைத்திருக்கச் சொன்னார். இரண்டு கிழமைக்குக் காலை நிலத்தில் ஊன்றக்கூடாது என்றும் சொன்னார். நான் பாடசாலையில் படித்த முதலுதவியும் ஏறக்குறைய அதுவே. ஆனால் நேற்றிரவு வாசித்தவற்றில், ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்றும் ஓய்வு கூடினால் கால் பலவீனமாகும் என்றும் எழுதியிருக்கிறார்கள். இன்று நான் என்ன செய்ய வேண்டும்? பத்து நாளில் வலய மட்டப் போட்டி இருக்கிறது என்று அவன் அழுதுகொண்டிருக்கிறான்.

தம்பலகாமத்தான் (ஞாயிறு, காலை)

மகள், அந்த ஐஸை முதலில் வெளியே கொட்டிவிடுங்கள். குளிர் இரத்தத்தை நிறுத்திவிடும். இரத்தம் போகாத இடம் ஆறாது. எங்கள் காலத்தில் நோவெண்ணெய் போட்டு நன்றாக உருவிவிட்டு, கன்னியாவுக்குக் கூட்டிச் சென்று ஏழு வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரையும் வாளி வாளியாகக் காலில் ஊற்றுவோம். மூன்றாம் நாள் ஓடித் திரிவோம். இன்று மாலையே கூட்டிச் செல்லுங்கள்.

பிசியோ ஆறுமுகம் (ஞாயிறு, நண்பகல்)

ஐயா சொன்னதில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். அடிபட்ட இடத்தில் வரும் வீக்கமும் சூடும் வெறும் தொல்லை அல்ல. கிழிந்த இழைகளைத் துப்புரவாக்கும் கலங்களும் புதிய இழை வளர்வதற்கான சைகைகளும் அந்த இரத்த ஓட்டத்தோடுதான் வருகின்றன. 'ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தல்' என்ற சூத்திரத்தை 1978 இல் எழுதிய அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014 இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆனாலும் அந்தத் தாமதத்துக்கான சான்றுகளில் பெரும்பகுதி விலங்குகளில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. மனிதரின் கணுக்காலில் ஐஸ் எவ்வளவு கெடுக்கிறது என்பதை எவரும் உறுதியாகக் காட்டவில்லை. அது ஆற்றுகிறது என்றும் காட்டவில்லை. நோவைக் குறைக்கிறது என்பது மட்டும் தெளிவு. ஆகவே நோவு தாங்க முடியாமல் இருந்தால், ஈரத்துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வைத்து எடுக்கலாம். நோவில்லாவிட்டால் அதற்கு அவசியமே இல்லை. வாளியில் அரை மணித்தியாலம் என்பது மிக அதிகம். தோலையும் நரம்பையும் பாதிக்கக்கூடிய நேரம் அது.

ஐயாவின் மற்றப் பாதியை ஏற்க முடியாது. ஐஸ் வேண்டாம் என்பதிலிருந்து வெந்நீர் வேண்டும் என்பது வந்துவிடாது. முதல் இரண்டு மூன்று நாட்களில் சூடும் உருவுதலும், அறுந்த சிறு இரத்தக் குழாய்களை மேலும் கசிய வைக்கும். கன்னியாவை அடுத்த கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அக்கா, நீங்கள் ஐஸைப் பற்றி யோசிப்பதற்கு முன் எலும்பைப் பற்றி அறிய வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் 1992 இல் வெளியிட்ட ஒரு முறை இருக்கிறது. அதை வீட்டிலேயே பார்க்கலாம். வெளிக்கணு எலும்பின் நுனியிலிருந்து அதன் பின்விளிம்பு வழியாக ஏறத்தாழ 6 செ.மீ. மேலே வரை விரலால் அழுத்திக்கொண்டு போங்கள். உட்கணுவிலும் அவ்வாறே செய்யுங்கள். பிறகு பாதத்தின் வெளியோரத்தில், சின்ன விரலுக்கும் குதிக்காலுக்கும் ஏறக்குறைய நடுவில் புடைத்து நிற்கும் எலும்பை அழுத்துங்கள். உள்வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பையும் அழுத்துங்கள். வீங்கிய சதையில் நோவது பொருட்டல்ல, எலும்பில் நோகிறதா என்பதுதான் கேள்வி. கடைசியாக, நொண்டியாவது நான்கு அடி வைக்கிறானா என்று பாருங்கள். விழுந்தவுடன் மைதானத்தில் நடந்தானா என்பதையும் எழுதுங்கள்.

கிண்ணியா 10ஆம் இலக்கம் (ஞாயிறு, நண்பகல்)

எனக்கும் இதே பிரச்சினைதான். போன கிழமை பந்தை வெட்டித் திருப்பும்போது முழங்காலில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு மணித்தியாலத்துக்குள் முழங்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. இப்போது நடக்கிறேன், ஆனால் படி இறங்கும்போது முழங்கால் நழுவுகிறது. ஐஸ் வைக்காமல் விட்டது நல்லது என்று விளங்குகிறது. நானும் நடந்துகொண்டே இருக்கலாம்தானே?

பிசியோ ஆறுமுகம் (ஞாயிறு, பின்னேரம்)

தம்பி, உங்களுடையது வேறு விடயம். சத்தத்தோடு, ஒரு மணித்தியாலத்துக்குள் வீங்கிய முழங்காலுக்குள் பெரும்பாலும் இரத்தம் தேங்கியிருக்கும். அதோடு நழுவலும் இருந்தால் உள்ளே உள்ள குறுக்குத் தசைநார் அறுந்திருக்கலாம். இங்கே எழுதுவதை மட்டும் நம்பாமல், எலும்பு மூட்டு வைத்தியர் ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை பந்தைத் தொட வேண்டாம்.

உப்புவெளி அம்மா (ஞாயிறு, மாலை)

சொன்னபடி அழுத்திப் பார்த்தேன். கணு எலும்பின் பின்விளிம்பில் நோவில்லை, உட்பக்கமும் இல்லை. மைதானத்தில் நண்பர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு சென்றான். இன்று தனியாக நொண்டி ஆறு அடி வைத்தான். ஆனால் பாதத்தின் வெளியோரத்துப் புடைப்பை அழுத்தியவுடன் "ஆ" என்று காலை இழுத்துக்கொண்டான். மூன்று முறை அழுத்தினேன், மூன்று முறையும் அப்படித்தான்.

பிசியோ ஆறுமுகம் (ஞாயிறு, மாலை)

அப்படியானால் எக்ஸ்றே எடுக்க வேண்டும். பயப்பட வேண்டாம், இந்த முறையில் எக்ஸ்றேக்கு அனுப்பப்படுபவர்களில் பெரும்பாலானோருக்கு உடைவு இருப்பதில்லை. யாருக்கு எக்ஸ்றே வேண்டாம் என்று துணிந்து சொல்வதற்குத்தான் அது உதவும். 14 வயதுப் பையன் என்பதால் இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன்: அந்தப் புடைப்பில் இந்த வயதில் எலும்பு இன்னும் முழுமையாக ஒட்டியிருக்காது, படத்தில் ஒரு கோடு தெரியலாம். அந்தக் கோடு எலும்பின் நீளத்துக்கு இணையாக ஓடினால் அது பெரும்பாலும் வளர்ச்சிக் கோடு; குறுக்கே ஓடினால் உடைவு. மற்றக் காலையும் எடுத்து ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

இன்றிரவு செய்ய வேண்டியவை: காலைத் தலையணைகளின் மேல் நெஞ்சுக்கு மேலான உயரத்தில் வைத்திருங்கள். விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூடும்படி, கெண்டைக்காலின் பாதி வரை கிறேப் பண்டேஜைச் சுற்றுங்கள். கீழே இறுக்கம் கூடியும் மேலே போகப் போகக் குறைந்தும் இருக்க வேண்டும். விரல்கள் நீலமாகினாலோ மரத்தாலோ அவிழ்த்துவிடுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

உவர்மலை வைத்தியர் (ஞாயிறு, இரவு)

தம்பி ஆறுமுகத்தின் வழிகாட்டலோடு ஒத்துப்போகிறேன். ஒரு எச்சரிக்கையை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். பழைய ஓய்வைக் கைவிடுகிறோம் என்பதால் எல்லோரையும் மறுநாளே நடக்க வைப்பதும் பிழை. பிரித்தானியாவில் செய்து 2009 இல் வெளிவந்த ஒரு பெரிய ஒப்பீட்டில், முதல் சில நாட்களுக்குக் காலே ஊன்ற முடியாத கடுமையான பிரள்வுகளுக்குப் பத்து நாள் முழங்காலுக்குக் கீழே கட்டு போட்டவர்கள், வெறும் குழாய்ப் பண்டேஜ் போட்டவர்களைவிட விரைவாகத் தேறினார்கள். இந்தப் பையன் நொண்டியாவது நடக்கிறான். ஆகவே அவனுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

நோவுக்கு அவனுடைய நிறைக்கேற்ற அளவில் பரசிற்றமோல் போதும்.

பாடசாலை விளையாட்டு ஆசிரியர் (ஞாயிறு, இரவு)

நாங்கள் டைக்ளோபினாக் ஜெல் பூசி, அதன் மேல் ஐஸ் வைப்போம். வீக்கம் குறைக்கும் மருந்தும் இப்போது கூடாதா?

பிசியோ ஆறுமுகம் (திங்கள், காலை)

வீக்கமே ஆறுதலின் தொடக்கம் என்றால் அதை அடக்கும் மருந்தை ஆரம்பத்தில் தவிர்ப்பதே பொருத்தம் என்று 2019 இல் வந்த பரிந்துரை சொல்கிறது. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

உவர்மலை வைத்தியர் (திங்கள், காலை)

இதில் நான் உடன்படவில்லை. கணுக்கால் பிரள்வில் சில நாள் அந்த மருந்து எடுத்தவர்களுக்குத் தசைநார் பிந்தி ஆறியது என்று மனிதரில் உறுதியான சான்று இல்லை. நோவு குறைந்து சீக்கிரம் நடந்தால் அதுவும் ஒரு நன்மை. குடிக்கும் மருந்து வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் செய்யக்கூடிய தீங்குக்காகவே நான் அதைத் தவிர்க்கிறேன். ஜெல்லைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. ஆனால் அதன் மேல் ஐஸ் வைக்க வேண்டாம்.

உப்புவெளி அம்மா (திங்கள், இரவு)

எக்ஸ்றே எடுத்தோம். முதலில் படத்தைப் பார்த்தவர் புடைப்பில் ஒரு கோட்டைக் காட்டி உடைவாக இருக்கலாம் என்றார். மற்றக் காலையும் எடுக்க முடியுமா என்று தயக்கத்தோடு கேட்டேன். வலது காலிலும் அதே இடத்தில், அதே நீளவாக்கில், அதே கோடு! உடைவு இல்லை என்று எழுதித் தந்தார்கள். இனி என்ன செய்வது?

பிசியோ ஆறுமுகம் (செவ்வாய், காலை)

இனி அந்தக் காலுக்கு வேலை கொடுக்க வேண்டும். புதிதாக வளரும் இழைகள் இழுவிசை வரும் திசையில்தான் ஒழுங்காக அடுக்கப்படுகின்றன. இழுவிசையே இல்லாவிட்டால் குழம்பிப்போய் அடுக்கப்படும். இரண்டு கிழமைப் படுக்கை என்பது இந்த இடத்தில்தான் பிழையாகிறது. இன்று முதல் பெருவிரல் நுனியால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதச் சொல்லுங்கள், நாளுக்கு நான்கைந்து முறை. நடக்கும்போது குதிக்கால் முதலில் பட்டு, பிறகு விரல்களில் முடிய வேண்டும்; நொண்டாமல் அப்படி நடக்க முடியாவிட்டால் ஊன்றுகோலை எடுத்து அழகாக நடக்கட்டும், நொண்டிப் பழக வேண்டாம். நான்காம் நாளளவில் சுவரைப் பிடித்து இரு குதிக்கால்களையும் உயர்த்தட்டும். பிறகு இடது காலில் மட்டும் நிற்கப் பழகட்டும். மறுநாள் காலையில் வீக்கம் முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால், அந்த முந்தைய நாள் செய்ததில் பாதியை மட்டும் செய்யட்டும்.

ஒற்றைக்காலில் நிற்பதைச் சிறு விடயம் என்று எண்ண வேண்டாம். தசைநாரோடு சேர்ந்து, பாதம் சரிவதை மூளைக்கு அறிவிக்கும் உணர்வும் பழுதடைகிறது. நோவு போனதும் விளையாடப் போகிறவர்களின் கால் மீண்டும் மீண்டும் பிரள்வதற்கு அது ஒரு காரணம்.

தம்பலகாமத்தான் (செவ்வாய், மாலை)

எனக்கு இப்போது 63 வயது. இடது கணு மழைக்காலத்தில் இன்றும் பிரளும். மூன்றாம் நாள் ஓடினேன் என்று மேலே பெருமையாக எழுதினேன்.

உப்புவெளி அம்மா (அடுத்த ஞாயிறு, இரவு)

எட்டாம் நாள். வீக்கம் பெரும்பாலும் வற்றிவிட்டது. குதிக்காலின் ஓரமாகக் கறுத்த நீலம் இறங்கியிருக்கிறது. நொண்டாமல் நடக்கிறான். கண்ணைத் திறந்தபடி இடது காலில் 30 வினாடி நிற்கிறான். கண்ணை மூடினால் ஐந்து வினாடியில் சுவரைப் பிடிக்கிறான், வலது காலில் அப்படியில்லை. பயிற்றுநர் கணுக்காப்பு கட்டிச் செவ்வாய்க்கிழமை பாதி நேரமாவது விடலாம் என்கிறார்.

பிசியோ ஆறுமுகம் (அடுத்த ஞாயிறு, இரவு)

இடது காலில் மட்டும் பத்து முறை துள்ளச் சொல்லுங்கள். வலது காலில் துள்ளுவதைப் போலவே நோவில்லாமல் துள்ளினால்தான், 8 வடிவில் ஓடிப் பார்ப்பதைப் பற்றியே பேசலாம்.

உப்புவெளி அம்மா (அடுத்த ஞாயிறு, இரவு)

இப்போதுதான் முற்றத்தில் துள்ள விட்டேன். மூன்றாவதில் நிறுத்திவிட்டான். "நோகேல்லை அம்மா, பயமா இருக்கு" என்றான். பயிற்றுநருக்குத் தொலைபேசி எடுக்கப் போகிறேன்.