மறுமுனையிலிருந்து இலக்கமிட்ட பெயருக்கு எத்தனை புள்ளி?

இரசாயனவியல் ஆசிரியர்களுக்கு வணக்கம். களுவாஞ்சிகுடியில் உயர்தர மாணவரின் விடைத்தாள்களைத் திருத்துகையில் எழுந்த ஐயம் இது.

(CH3)2CHCH2CH(OH)CH3 என்ற சேர்வைக்கு 4-மெதைல்பென்டன்-2-ஓல் என்பதே சரியான பெயர். ஒரு மாணவி, ஐதரொட்சில் கூட்டத்துக்கே சிறிய இலக்கம் வர வேண்டும் என்பதை மறந்து, மெதைல் இருக்கும் முனையிலிருந்து எண்ணி, 2-மெதைல்பென்டன்-4-ஓல் என எழுதியுள்ளார். அப்பெயரைக் கொண்டு வரைந்தாலும் அதே கட்டமைப்பே கிடைக்கிறது. பிரதான சங்கிலியும் பின்னொட்டும் சரி. ஆகவே நான்கில் இரண்டு புள்ளி வழங்கினேன்.

இன்னொருவரோ மெதைலை ஒரு முனையிலிருந்தும் ஐதரொட்சிலை மறுமுனையிலிருந்தும் எண்ணி, 2-மெதைல்பென்டன்-2-ஓல் என்கிறார். துணை அற்ககோல் புடை அற்ககோலாகிவிட்டதால் (லூக்காசு சோதனையில் உடனே கலங்கும்!) பூச்சியமே இட்டேன். இவ்விருவரையும் நீங்கள் இவ்வாறு வேறுபடுத்துவீர்களா, அல்லது இலக்கம் பிழைத்தால் முழுப் பெயரையும் நிராகரிப்பீர்களா?